சர்வர் அப்டைம் கணக்கு: கேள்வி பதில்

கோவை, ஸ்டார்ட்-அப் நடத்துபவர்: மேடம், எங்கள் ஆப் அமேசான் கிளவுடில் ஓடுகிறது. அப்டைம், அதாவது விழாமல் ஓடும் நேரம், சதவீதத்தில்: வரும் வேலையைச் சர்வருக்கு அனுப்பும் லோடு பேலன்சர் 99.99, ஒரு சர்வர் 99.5, டேட்டாபேஸ் 99.95. சராசரி எடுத்து 99.81 என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். மூன்றில் எது விழுந்தாலும் ஆப் விழும், அதனால் பெருக்க வேண்டும்.

```
0.9999 × 0.995 × 0.9995 = 0.9944
```

30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம். உங்கள் சராசரிப்படி மாதம் சுமார் 80 நிமிடம்தான் ஆப் படுக்கும். பெருக்கினால் 242 நிமிடம், அதாவது நாலு மணி நேரம். அந்த 242-இல் 216 நிமிடம் ஒற்றைச் சர்வரால் மட்டுமே வருகிறது. ஆகவே முதல் செலவு அங்கேதான். இன்னொரு சர்வர் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி வைத்தால்:

```
1 - (0.005 × 0.005) = 0.999975
0.9999 × 0.999975 × 0.9995 = 0.99937
```

மாதம் 27 நிமிடமாகக் குறையும். பலர் இந்த இடத்தில் உற்சாகமாகி மூன்றாவது சர்வரும் வாங்குகிறார்கள். அது மிச்சப்படுத்துவது ஒரே ஒரு நிமிடம், ஏனென்றால் மீதியில் 21.6 நிமிடம் டேட்டாபேஸினுடையது. இன்னொன்றையும் பாருங்கள்: டேட்டாபேஸுக்கு 99.95 என்ற உறுதி மல்டி ஏ.இசட். அமைப்புக்குத்தான். ஏ.இசட். என்பது தனித்து இயங்கும் டேட்டாசென்டர் தொகுதி; மல்டி என்றால் வேறொரு ஏ.இசட்.டில் மாற்று டேட்டாபேஸும் இருக்கும். ஒற்றை டேட்டாபேஸ் என்றால் 99.5தான். அப்படியானால் இரண்டு சர்வர் போட்டும் மாதம் 221 நிமிடத்தில்தான் நிற்பீர்கள்.

இரண்டு சர்வரும் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் விழுமா என்று பார்க்காமல் இரண்டாவது சூத்திரத்தைப் போடாதீர்கள்.

கல்லூரி மாணவி: அக்கா, 99.9 என்றால் மாதத்துக்கு எத்தனை நிமிடம்?

43.2.

பெயர் சொல்லாதவர்: அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குப் பதினொரு ஒன்பது, அதாவது 99.999999999 சதவீதம், தருகிறார்களாமே, அப்படியானால் அது விழவே விழாதுதானே?

அந்தப் பதினொரு ஒன்பது, ஃபைல் தொலையாது என்பதற்கு. நீங்கள் கேட்கும் நேரத்தில் கிடைக்கும் என்பதற்கான எஸ்.எல்.ஏ., அதாவது ஒப்பந்தத்தில் தரும் சேவை உறுதி, வேறு, அது 99.9.

சென்னை, நெட்வொர்க் வேலை: பெருக்குவதே தவறு மேடம். சங்கிலியில் பலவீனமான கண்ணி எதுவோ அதுதான் கணக்கு. ஒரே கட்டடத்தில் கரண்ட் போனால் மூன்றும் ஒன்றாகத்தானே விழும்? அப்போ 99.5தான்.

பாதி சரி. மூன்றும் எப்போதும் ஒரே நேரத்தில் விழுந்தால் நீங்கள் சொல்வதுபோல் 216 நிமிடத்தோடு முடிந்துவிடும். ஒன்று எழுந்தபின் அடுத்தது விழுந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், அப்போது 242. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த அமைப்பில், சேர்ந்து விழுவது நமக்கு லாபம்தான். ஆகவே பெருக்கல் தருவது கொஞ்சம் கெட்ட பக்கத்து விடை, அதை வைத்துத் திட்டமிடலாம்.

மாற்றுச் சர்வர் வைத்திருக்கும் இடத்தில் இது அப்படியே தலைகீழாகிவிடும். மேலே இரண்டு சர்வர்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு நிமிடம்தான் வந்தது. பத்தில் ஒரு கோளாறு இரண்டையும் சேர்த்தே வீழ்த்தும் என்று வையுங்கள். 0.5 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு 0.05, அதாவது 21.6 நிமிடம். இருபது மடங்கு!

அவரே: வேறு வேறு ஏ.இசட்.டில் வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்ததே?

கரண்ட், ஏசி, தீ இவற்றுக்குத் தீரும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டாசென்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆனால் காலாவதியான ஒரே சான்றிதழ், இரண்டு சர்வருக்கும் ஒரே நேரத்தில் போகும் புதிய வெர்ஷன், தவறான ஒரு கான்ஃபிக் இவையெல்லாம் ஏ.இசட். எல்லையை மதிக்காது. 2017 பிப்ரவரி 28 அன்று எஸ்3 படுத்ததற்குக் காரணம், பராமரிப்பில் தவறாக உள்ளிட்ட ஒரு கட்டளை. அமேசானின் சேவை நிலையைக் காட்டும் பலகையும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதைக்கூடச் சுமார் இரண்டு மணி நேரம் சரியாகப் புதுப்பிக்க முடியவில்லை.

பெங்களூரு, ஆபரேஷன்ஸ்: பத்தில் ஒன்று என்ற விகிதம் எங்கிருந்து வந்தது? ஊகம்தானே?

ஆம், விளக்குவதற்காக வைத்த எண். அணுமின் நிலையப் பாதுகாப்புக் கணக்குகளில் இதை பீட்டா ஃபேக்டர் என்பார்கள். உங்கள் எண்ணை உங்கள் இன்சிடென்ட் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அவரே: எங்களுக்கு வருடத்துக்கு நாலைந்து இன்சிடென்ட்தான். அதை வைத்து விகிதம் எடுத்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்வி. அவ்வளவு குறைந்த பதிவிலிருந்து நம்பகமான விகிதம் வராது. நான் 2 சதவீதம், 10 சதவீதம், 20 சதவீதம் என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். இதைவிட நல்ல வழி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், எனக்கும் வேண்டும்.

திருப்பூர், ஆன்லைன் கடை: ஒரு உள்ளூர் ஹோஸ்டிங்கில் 99.9 அப்டைம் என்று போட்டிருந்தார்கள். அரை நாள் கடை திறக்கவில்லை. கேட்டால் "எங்கள் பக்கம் டவுனே இல்லை" என்கிறார்கள். இது மோசடிதானே?

அந்த 99.9-க்கு முன்னால் "நெட்வொர்க்" என்ற சொல் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் அவர்களது ரவுட்டர் வரை பாதை திறந்திருந்தால் போதும், உங்கள் டிஸ்க் செத்தது கணக்கில் வராது. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரமும் பல ஒப்பந்தங்களில் கழிந்துவிடும். சதவீதத்தைப் பார்க்கும் முன், எதை டவுன் என்று எண்ணுகிறார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். அமேசானின் டேட்டாபேஸ் எஸ்.எல்.ஏ.விலும், ஒரு நிமிடம் முழுக்க எல்லா இணைப்பு முயற்சியும் தோற்றால்தான் அந்த நிமிடம் எண்ணப்படும். டேட்டாபேஸ் ஆமை வேகத்தில் பதில் சொன்னால் உங்கள் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், எஸ்.எல்.ஏ. அசையாது.

ஈரோடு: எங்கள் மல்டி ஏ.இசட். டேட்டாபேஸ் மூன்று மணி நேரம் விழுந்தது. பில்லில் எவ்வளவு திரும்ப வரும்?

180 நிமிடத்தை 43,200-ஆல் வகுத்தால் 0.42 சதவீதம். அப்டைம் 99.58. இது 99.95-க்குக் கீழே, 99-க்கு மேலே, ஆகவே 10 சதவீதம். அதுவும் அந்த டேட்டாபேஸின் கட்டணத்தில் மட்டும். மாதம் 8,000 ரூபாய் கட்டினால் 800 ரூபாய் கிரெடிட். தானாக வராது, சம்பவம் நடந்த பிறகு வரும் இரண்டாவது பில்லிங் சுழற்சி முடிவதற்குள் நீங்கள்தான் நேர விவரத்தோடு கேட்க வேண்டும். எஸ்.எல்.ஏ. எண் என்பது எந்த இடத்தில் பணம் திருப்பத் தொடங்குவார்கள் என்ற கோடு. சேவை உண்மையில் எத்தனை நிமிடம் விழும் என்பதை அது சொல்வதில்லை. சில மாதம் அதைவிட நன்றாக ஓடும், ஒரு மாதம் மோசமாக விழும். உங்கள் சொந்த மானிட்டரிங் பதிவு இருந்தால் கணக்கில் அதைப் போடுங்கள்.

வேறொருவர்: 99.95-க்கு எத்தனை நிமிடம்?

மேலேயே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். 43,200-ஐ 0.0005-ஆல் பெருக்குங்கள்.

இன்னொருவர்: 99.99-க்கு மேடம்?

0.0001-ஆல்.

கோவை நண்பர் மறுபடியும்: சரி மேடம், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் 99.99 கேட்கிறார். இரண்டாவது சர்வர் போட்டுவிட்டு எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். 99.99 என்றால் மாதம் 4.3 நிமிடம். மல்டி ஏ.இசட். டேட்டாபேஸ் மாற்றுக்குத் தாவவே பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். அப்படி இரண்டு முறை நடந்தால் அந்த மாதம் ஏறக்குறைய தீர்ந்தது. கோளாறைப் பார்த்து ஒரு மனிதர் லேப்டாப் திறக்க வேண்டிய நிலை வந்தால் நிச்சயமாகத் தீர்ந்தது. உங்கள் கணக்கு 27 நிமிடம். 99.9 எழுதினால் 43 நிமிடம் கிடைக்கும், மீதி 16 நிமிடம் உங்கள் சொந்த டெப்ளாய் தவறுகளுக்கு. எதை டவுன் என்று எண்ணுவீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.