தோட்டத்து வீட்ல தண்ணி வசதி கம்மி, செப்டிக் டேங்க்கும் கட்ட முடியாது. உலர் கழிப்பறை வெச்சா நாத்தம் வராதா?

ஒழுங்கா கட்டினா வராதுங்க. நாத்தம் கிளம்புறதே மலத்தோட மூத்திரமும் தண்ணியும் கலக்குறதாலதான். மூத்திரத்துல இருக்குற யூரியா மலத்துல உள்ள கிருமிகளால உடைஞ்சு அம்மோனியாவா மாறும், அதுக்கு மேல ஈரமும் சேந்து காத்து போகலைன்னா அழுகி சாக்கடை வாடை வந்துடும். அதனால மூணையும் தனித்தனியா பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

வெளிநாட்டு மாடல் எல்லாம் பேப்பர்ல தொடைக்கிறவங்களுக்கு, நாம கழுவுற ஆளுங்க. நமக்கு ஒத்துவர்றது திருச்சி மாவட்டம் முசிறி பக்கம் கட்டின ஈகோசான்னு சொல்ற, எல்லாத்தையும் தனித்தனியா பிரிக்கிற உலர் கழிப்பறை மாதிரி. உக்கார்ற பேசின்ல நடுவுல மலத்துக்கு ஓட்டை, முன்னாடி மூத்திரத்துக்கு, கழுவ தனி இடம், போயிட்டு ஓட்டைய மூடிட்டு கொஞ்சம் நகந்து உக்காந்து கழுவணும். அந்தத் தண்ணிய குழாய் போட்டு கல்வாழை பாத்திக்கு விட்டுடலாம், காய்கறிக்கு வேணாம். விருந்தாளிங்கதான் தலைவலி, பழக்கத்துல அங்கயே கழுவிடுவாங்க, சொல்லிக் குடுக்காம உள்ள அனுப்பாதீங்க.

கீழ தரைக்கு மேல ரெண்டு தொட்டி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை சாம்பல் போடணும், இல்லன்னா காஞ்ச மரத்தூளோட கொஞ்சம் சுண்ணாம்பு. சாம்பலோட சேத்து ஒரு ஆளுக்கு நாளைக்கு அரை லிட்டர்னு வெச்சுக்கோங்க, 4 பேருக்கு வருஷத்துக்கு 730 லிட்டர், அதனால தொட்டி ஒண்ணு 1 கன மீட்டர் இருந்தா ஒரு வருஷம் தாராளமா ஓடும். ரொம்பினதும் மூடிட்டு அடுத்ததுக்கு மாறிடுங்க. மூடினது ஒரு வருஷமாவது சும்மா கெடக்கணும், ஏன்னா குடல் புழு முட்டைதான் கடைசி வரைக்கும் சாகாது. அப்புறம் கையுறை போட்டு அள்ளி தென்னை, மா மாதிரி மரத்தடியில புதைங்க, கீரைப் பாத்திக்கு போடாதீங்க.

தொட்டில இருந்து 4 இஞ்ச் பிவிசி குழாய் கூரைக்கு மேல 2 அடி நிக்கணும், வாயில கொசுவலை கட்டணும். கறுப்பு பெயின்ட் அடிச்சா வெயில்ல சூடாகி காத்த நல்லா இழுக்கும்.

இதையும் மீறி வாடை வந்தா மோந்து பாத்தே கண்டுபிடிச்சுடலாம். கண்ணு எரியுற மாதிரி இருந்தா தொட்டிக்குள்ள மூத்திரம் போகுது, அழுகின முட்டை வாடைன்னா கழுவுற தண்ணியோ மழைத் தண்ணியோ இறங்குது. உள்ள புழு நெளிஞ்சாலும் ஈரம்தான், சாம்பல அள்ளிப் போட்டு மூடுங்க. தொட்டி காஞ்சு கெடந்தும் வாடை வந்தா மூத்திரக் குழாயப் பாருங்க, உள்ள வெள்ளையா உப்பு படிஞ்சு அடைச்சிருக்கும். கொஞ்சம் வினிகர் ஊத்தி ஊற விட்டு வெந்நீர் விட்டா கரையும், வளைவு இல்லாம நல்ல சரிவா போட்டா சீக்கிரம் படியாது. குழாய் முனை மூத்திரம் சேருற கேனோட அடி வரைக்கும் போகணும், கேன் மூடி டைட்டா இருக்கணும். ரொம்பினா ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து வாழைக்கு ஊத்துங்க.