சிபிகே 6,820: பவுடரை விடுங்கள், சிறுநீர் என்ன நிறம்?

கேள்வி: எனக்கு வயது 29, எடை 74 கிலோ. எட்டு மாதமாக தினம் 5 கிராம் கிரியேட்டின் பவுடர் எடுக்கிறேன். வேலை நெருக்கடியில் இரண்டு மாதம் ஜிம்முக்குப் போகவில்லை. போன ஞாயிறு மாலை போய் கால் பயிற்சியை ஒரே மூச்சில் முடித்தேன். மறுநாளிலிருந்து உட்கார்ந்து எழ முடியாத வலி. மெடிக்கலில் அசிக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாள் போட்டேன். வியாழன் காலை ரத்தம் கொடுத்தேன். சிபிகே 6,820 (இயல்பு 200-க்குள்), கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 168, எஸ்ஜிபிடி 61, ஜிஜிடி 24, கிரியேட்டினின் 1.4. மூன்று மாதம் முன்பு கம்பெனி செக்கப்பில் கிரியேட்டினின் 1.0 தான். பவுடர் என் தசையைக் கரைத்துவிட்டதா? கல்லீரலும் கெட்டுவிட்டதா? சிபிகே கூடினால் மாரடைப்பு என்று நெட்டில் போட்டிருக்கிறது. கிரியேட்டின் எடுத்தால் கிரியேட்டினின் கூடத்தான் செய்யும், கவலை வேண்டாம் என்றும் போட்டிருக்கிறது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரி போனது, இப்போது தெளிந்துவிட்டது. இளநீர் நிறையக் குடிக்கிறேன்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த டீ நிறம், அதுதான் விஷயம். முதலில் அசிக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். இளநீரையும் நிறுத்துங்கள். இதைப் படித்த கையோடு, இரவு ஷிஃப்டாக இருந்தாலும் பரவாயில்லை, ரத்தப் பரிசோதனை வசதியுள்ள ஒரு மருத்துவமனைக்குப் போய் சிபிகே, கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை நான்கையும் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைக் காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாம்.

தசை நாரின் உறை கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கசியும். அப்படிக் கசிவதில் ஒன்று சிபிகே என்ற நொதி. சிபிகே சிறுநீரகத்தை எதுவும் செய்யாது, கிழிசல் எவ்வளவு பெரிது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கூடவே கசியும் மயோகுளோபின்தான் தொல்லை. தசைக்குச் சிவப்பு நிறம் தரும் புரதம் அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும்போது நுண்குழாய்களில் படிந்து அடைக்கும், அங்குள்ள செல்களையும் நஞ்சாகத் தாக்கும். சிறுநீர் பழுப்பாகிறதென்றால் மயோகுளோபின் கணிசமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் நிறம் கூடும்தான். ஆனால் அது அடர் மஞ்சள், மஞ்சள் தண்ணீர் போல இருக்கும். டீ, கோலா நிறம் வேறு சாதி.

"இப்போது தெளிந்துவிட்டது" என்பதில் நிம்மதி கொள்ளாதீர்கள். மயோகுளோபின் ரத்தத்திலிருந்து சில மணி நேரத்திலேயே விலகத் தொடங்கிவிடும், சிபிகே அப்படியல்ல. கசிவு நின்ற பிறகு அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகும். ஆகவே சிறுநீர் தெளிந்த பிறகும் சிபிகே பல நாள் உயரத்தில் நிற்கும், சிறுநீரகத்துக்கு விழுந்த அடியும் அப்போதுதான் அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினில் தெரிய வரும். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு குறிப்பு உண்டு. பரிசோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் 'ரத்தம்' என்ற கட்டம் பச்சையாக மாறும், அதே சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. அந்த முரண்பாடுதான் மயோகுளோபினின் முத்திரை. நீங்கள் போகும்போது சிறுநீர் தெளிந்திருப்பதால் பட்டையும் ஒன்றும் காட்டாமல் போகலாம். அதனால் "செவ்வாய், புதன் டீ நிறம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிய வழியே இல்லை.

6,820 என்பதைத் தனியாகப் பார்த்தால் பாதிக் கதைதான். பழக்கம் விட்டவர் திடீரென்று கால் பயிற்சி செய்தால், குறிப்பாக எடையோடு மெல்லக் கீழே இறங்கும் ஸ்குவாட் மாதிரி தசை நீண்டபடியே சுமை தாங்கும் பயிற்சி செய்தால், சிபிகே ஒன்று முதல் நான்கு நாளில் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கும். உங்களுக்கு உச்சம் செவ்வாய் இரவு வந்து கசிவும் அதோடு நின்றது என்று வைத்துக்கொள்வோம். வியாழன் காலைக்குள் ஒரு 36 மணி நேரம் கழிந்திருக்கும். அப்படியானால் செவ்வாயன்று அது பதின்மூன்றாயிரத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். மாறாக உச்சம் இன்னும் வரவே இல்லை என்றால் வெள்ளிக்கிழமை அது 6,820-ஐத் தாண்டியிருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒரே ஒரு ரிப்போர்ட் சொல்லாது, அதற்காகத்தான் இரண்டாவது ரத்தம். பொதுவாக 1,000-ஐத் தாண்டினாலே தசைச் சிதைவு என்ற கணக்கில் யோசிப்போம். சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு பெரும்பாலும் 5,000-க்கு மேலேதான். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

இப்போது கிரியேட்டினின் 1.4. நெட்டில் படித்த ஆறுதல் பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. உடம்பிலுள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 2 கிராம் தினமும் தானாகவே கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் போகிறது. பவுடர் எடுப்பவர்களிடம் இருப்பு கூடுதல் என்பதால், சிறுநீரகம் முழு ஆரோக்கியமாக இருந்தும் அளவு சற்று மேலே நிற்கலாம். சரி. ஆனால் மூன்று மாதம் முன்பும் நீங்கள் இதே பவுடரைத்தானே எடுத்துக்கொண்டிருந்தீர்கள்? அன்று 1.0. அதே பவுடர், அதே 5 கிராம், இன்று 1.4. இடையில் மாறியது ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியும் வலி மாத்திரையும்தான். இந்த 0.4-ஐப் பவுடர் தலையில் கட்டிவிட்டு வீட்டில் உட்காருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்து வைத்திருக்கும் வேதிப்பொருளையே இவை அடக்கிவிடும். மயோகுளோபின் ஒரு பக்கம் குழாயை அடைக்க, மாத்திரை இன்னொரு பக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நான்கு நாள் வலிக்கு எந்த மருத்துவரையும் கேட்காமல் கவுன்ட்டரில் கை நீட்டி வாங்கிய மாத்திரை இது. வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. போதும்.

இளநீர் ஏன் வேண்டாம்? தசைக்குள் இருக்கும் பொட்டாசியமும் அதே கிழிசல் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகம் சுணங்கினால் அது வெளியேறாமல் தேங்கும், கூடிப்போனால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரோ பொட்டாசியம் நிறைந்தது. ரிப்போர்ட் வரும்வரை வெறும் தண்ணீர் குடியுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் செய்வது பெரும்பாலும் எளிய சிகிச்சைதான். சலைன் ஏற்றி, மணிக்கு 200 மி.லி.க்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று அளப்பார்கள், சிபிகேயும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் இறங்கும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். தொடை கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போனால் மட்டும் கதை வேறு. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள், அறுவை சிகிச்சை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

இனி உங்கள் மற்ற பயங்கள். கல்லீரலை மறந்துவிடுங்கள். எஸ்ஜிஓடி தசையிலும் ஏராளமாக இருக்கிறது, எஸ்ஜிபிடியும் கொஞ்சம் உண்டு. தசையில் இல்லாத ஜிஜிடி 24 என்று சாதாரணமாக நிற்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலிருந்து வந்தவைதான், அதற்காக லிவர் டானிக் வாங்கிவிடாதீர்கள். மாரடைப்பும் இல்லை. ஒரு காலத்தில் மாரடைப்புக்கு சிபிகே பார்த்தோம், இன்று ட்ரோபோனின் பார்க்கிறோம். நெஞ்சில் எதுவும் இல்லாமல் தொடை வலியோடு வந்த சிபிகேக்கு நெட் சொல்லும் அர்த்தம் பொருந்தாது.

பவுடர் தசையைக் கரைத்ததா? இல்லை. குழப்பம் பெயரில்தான். கிரியேட்டின் என்பது மூன்று அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் சின்ன மூலக்கூறு. சிபிகே, அதாவது கிரியேட்டின் கைனேஸ், அந்தக் கிரியேட்டினைக் கையாளும் நொதி, தசைக்குள் தயாராகும் பெரிய புரதம். கிரியேட்டினின் கழிவு. அரிசி, அரிசி ஆலை, தவிடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அரிசியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் ஊரில் ஆலைகள் பெருகிவிடாது. பவுடர் தின்றதற்காக சிபிகே ஏறாது. பயிற்சிக்குப் பின் கிரியேட்டின் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் எடுத்தவர்களிடம் சிபிகே கூடுதலாக இருக்கவில்லை, சிலவற்றில் குறைவாகவே இருந்தது. ஒரு வழியில் மட்டும் பவுடருக்கு மறைமுகப் பங்கு உண்டு. இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற தெம்பைத் தரும், இரண்டு மாதம் பழக்கம் விட்ட தசைக்கு அந்த இரண்டு தடவைதான் மிகை.

இருந்தாலும் இப்போதைக்குப் பவுடரை நிறுத்துங்கள், கிரியேட்டினின் கணக்கைக் குழப்பாமல் இருக்கட்டும். நிறுத்திய மறுநாளே இருப்பு தீராது, பழைய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் சிறுநீரகத்தின் நிலையைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது, அது பவுடரால் மாறாது. ஜிம்மில் வேறு டப்பா எதையாவது கலந்து குடிக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால் லேபிளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் இறங்குமுகம் இப்படி இருக்கும்: 6,820, ஒன்றரை நாளில் 3,400, அடுத்த ஒன்றரை நாளில் 1,700, பிறகு 850, 425. ஒரு வாரம் கடந்ததும் இருநூறை ஒட்டி வந்துவிடும். இப்படி இறங்காமல் பாதியில் நின்றாலும், ஒரு வாரம் பயிற்சியே செய்யாமல், தசை ஊசி எதுவும் போடாமல் எடுத்த ரத்தத்திலும் 300-க்கு மேலேயே நின்றாலும், அப்போது தேட வேண்டியது வேறு. முதலில் தைராய்டு டிஎஸ்எச், பிறகு கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எதுவும் போடுகிறீர்களா என்பது, அதற்கும் மேல் நரம்பியல் மருத்துவர்.

ஜிம்முக்குத் திரும்புவது சிபிகே, கிரியேட்டினின் இரண்டும் பழைய அளவுக்கு வந்த பிறகு. முதல் நாள் வெறும் உடம்போடு ஸ்குவாட் இரண்டு செட், அவ்வளவுதான். மறுநாள் காலை சிறுநீரைப் பாருங்கள்.