ஒன்பது வயது வித்தியாசம் கூடவா?

கேள்வி: எனக்கு 27. வீட்டில பார்த்த மாப்பிளைக்கு 36. ஆம்பிளைகள் எங்கேயும் வயசு குறைஞ்ச பொம்பிளையைத்தான் விரும்புவினமா, இல்லாட்டி இது எங்கட ஆக்களின்ர பழக்கம்தானா?

விருப்பம் போகும் பக்கம் பொதுவாக ஒன்றுதான், அளவுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. டேவிட் பஸ் என்ற உளவியலாளர் 37 சமூகங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டு, 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்போனது. எல்லா இடத்திலும் ஆண்கள் சராசரியாகத் தங்களைவிட இளையவரையும் பெண்கள் மூத்தவரையும் விரும்பினார்கள். ஆனால் சாம்பியாவில் ஆண்கள் கேட்டது ஏழு வயதுக்கு மேல் குறைந்த பெண்ணை. பின்லாந்தில் அது அரை வயதுகூட இல்லை. ஆணின் வயதும் சேரும்: இருபதுகளில் தன் வயதுக்குக் கிட்டவே தேடுகிறவர், வயது ஏற ஏறக் கூடுதல் இளையவரைத் தேடுகிறார். பெண்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை.

எங்கட நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. 1953இல் இலங்கையில் முதல் திருமணத்துக்கான சராசரி வயது ஆணுக்கு ஏறக்குறைய 27, பெண்ணுக்கு 21. அதாவது ஆறு வயது இடைவெளி. 1981இல் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 24 சொச்சம். இடைவெளி மூன்றரை ஆகிவிட்டது. ஆண்கள் திடீரென்று மனம் மாறினார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பெண்கள் கூடுதலாகப் படித்தது ஒரு காரணம். மற்றது வெறும் கணக்கு. 1946இல் டிடிடி அடித்து மலேரியாவை அடக்கத் தொடங்கிய பிறகு இறப்பு வீதம் சட்டென்று விழுந்தது, பிழைத்த பிள்ளைகளின் தொகை பெருகியது. 1947இல் பிறந்த பெண்ணுக்கு ஆறு வயது மூத்த மாப்பிளை என்றால் அவர் 1941இல் பிறந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுப் பையன்களோ அவ்வளவு பேர் இல்லை. ஆக, சில பெண்கள் காத்திருக்க வேண்டும், அல்லது கிட்டின வயதுக்காரரைக் கட்ட வேண்டும். இரண்டும் நடந்தன. விருப்பம் ஒன்று, கிடைப்பது ஒன்று.

எங்கட வீடுகளில் இன்னொன்றும் உண்டு: தங்கச்சிமாரைச் சீதனம் கொடுத்துக் கரை சேர்த்த பிறகுதான் அண்ணனுக்குக் கலியாணம். வெள்ளவத்தையில் புரோக்கர்மாரிடம் வரும் முப்பத்தைந்து தாண்டிய மாப்பிளைகளில் இப்படிப் பிந்தினவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இளம்பெண் வேண்டும் என்று ஆளே கேட்டாரா, தாய் கேட்டாவா என்பதும் வேறு வேறு விஷயம் (பெரும்பாலும் தாய்தான்).

ஒன்பது வயது இன்றைய இலங்கை வழமைக்குக் கூடத்தான். அதற்காகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏன் பிந்தினது, எத்தனை பிள்ளை எப்போது வேண்டும், நீங்கள் வேலைக்குப் போவதில் அவருக்கு என்ன எண்ணம் என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். தாய் குறுக்கே பதில் சொன்னால், இன்னொரு நாளைக்கு அவரைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள்.