மடிக்க முடியாத டூடிஎஸ்ஸில் முத்திரைப் புதிர்

"நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான டூடிஎஸ்ஸில் ஃபாண்டம் ஹவர்கிளாஸ் என்ற செல்டா ஆட்டம் ஆடுகிறேன். மேல்திரையில் இருக்கும் முத்திரையைக் கடல் வரைபடத்தில் அழுத்தச் சொல்கிறது. ஸ்டைலஸால் தேய்த்தும் தட்டியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை."

கீழே இருக்கும் உறக்க சுவிட்சைத் தள்ளி, சில விநாடி விட்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முத்திரை வரைபடத்தில் பதிந்திருக்கும். பவர் பொத்தானைத் தொட வேண்டாம்.

ஸ்டைலஸ் பலிக்காததற்குக் காரணம், தொடுவதை உணர்வது கீழ்த்திரை மட்டும்தான். மேல்திரை வெறுமனே காட்டும். 2007இல் வந்த இந்த ஆட்டம், புத்தகம்போல் மூடும் முந்தைய கருவியான டிஎஸ்ஸை நினைத்துச் செய்தது. மேலே முத்திரை, கீழே வரைபடம். மூடினால் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டும், ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுபோல. இரண்டு திரைகளையும் இவ்வளவு பொருளோடு சேர்த்த புதிர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உண்மையில் திரைகள் ஒன்றையொன்று உணர்வதில்லை. மூடி சாத்தியதா, திறந்ததா என்பதை மட்டும் ஆட்டம் பார்க்கிறது. 2013இல் வந்த டூடிஎஸ்ஸுக்கு மூடி கிடையாது. அந்தச் செய்தியை உறக்க சுவிட்ச் அனுப்புகிறது. சரி, இன்னொன்று: வரைபடமும் முத்திரையும் ஒன்றாகத் திரையில் இருக்கும்போதுதான் தள்ள வேண்டும். மற்ற நேரத்தில் கருவி வெறுமனே உறங்கி எழும்.