இடுப்பு எங்கே இருக்கிறது? உடல் கொழுப்பு பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, உடல் கொழுப்பு சதவீதத்தை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டு அதை நம்பலாமா என்று கேட்பவை. ஜிம்முக்குப் போகிறவர்கள் அடிப்படைச் சொற்களை அறிந்திருப்பார்கள் என்பதால் நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

கண்ணாடியில் பார்த்தே என் நண்பன் “உனக்குப் 12 சதவீதம்தான்” என்கிறான். சரியாக இருக்குமா?
*முத்தியால்பேட்டை வாசகர்*

எந்த விளக்கின் கீழ் நின்று சொன்னார் என்று முதலில் கேளுங்கள். தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு எரிந்தால் வயிற்றுத் தசையின் வரி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். அதே ஆளை ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்தினால் வரி காணாமல் போய்விடும். உடற்பயிற்சி முடித்த சூட்டில் பார்த்தால் இன்னொரு கதை.

இணையத்தில் சுற்றும் ஒப்பீட்டுப் படங்களை வைத்துத்தான் நண்பர் சொல்லியிருப்பார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் நல்ல தசை உள்ளவர்கள். தசை குறைவான ஒருவர் அதே 15 சதவீதத்தில் தொளதொளவென்று தெரிவார், தசை உள்ளவர் 18 சதவீதத்திலும் கட்டாகத் தெரிவார். கண்ணால் பார்த்துச் சொல்லும் எண்ணை நான் ஐந்து புள்ளி முன்னே பின்னே என்றுதான் எடுத்துக்கொள்வேன். கண்ணாடிக்கு ஒரு பயன் உண்டு: ஒரே இடம், ஒரே விளக்கு, ஒரே நேரம் என்று வைத்து மாதம் ஒரு படம் எடுத்தால், மாறியிருக்கிறதா இல்லையா என்பது தெரியும். எத்தனை சதவீதம் என்பது தெரியாது.

உயரம் 170, கழுத்து 37, இடுப்பு 32 இன்ச். டேப் முறையில் 15 சதவீதம் வருகிறது. ஆனால் உட்கார்ந்தால் தொப்பை மடிகிறது. ஃபார்முலாவே தப்பா, சார்?
*லாஸ்பேட்டை வாசகர்*

ஃபார்முலா தப்பில்லை தம்பி. அந்த 32 எங்கிருந்து வந்தது என்று பதில் போட்டுக் கேட்டேன். “பேண்ட் சைஸ் சார்” என்று வந்தது. இருபது வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் இன்னும் குறையவில்லை.

குற்றம் முழுக்க உங்களுடையதும் இல்லை. நம் மொழியில் இடுப்பு என்றால் வேட்டி நிற்கும் இடம், அரைஞாண் கயிறு கிடக்கும் இடம். தொப்பை விழ விழ பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும், சைஸ் மட்டும் மாறாது. “காலேஜ் நாளிலிருந்து எனக்கு 32தான்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த வகை. போதாக்குறைக்கு, ரெடிமேட் பேண்ட்டில் 32 என்று அச்சடித்திருந்தாலும் துணியை அளந்தால் பெரும்பாலும் ஓர் இன்ச்சாவது கூட இருக்கும்.

டேப் முறை அமெரிக்கக் கடற்படைக்காக 1984-இல் ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் உருவாக்கியது. தண்ணீருக்குள் எடை போட்டு எடுத்த அளவுகளோடு டேப் அளவுகளை ஒப்பிட்டு ஃபார்முலா கட்டினார்கள். அதில் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு என்றால் தொப்புள் மட்டத்தில் எடுப்பது. வேறெங்கே எடுத்தாலும் அது அந்த ஃபார்முலாவுக்கு உரிய எண் அல்ல. செ.மீ. கணக்கில் ஆண்களுக்கு இப்படி:

```
495 / (1.0324 - 0.19077*log10(waist - neck)
       + 0.15456*log10(height)) - 450
```

32 இன்ச் என்றால் 81 செ.மீ. 81-இல் கழுத்து 37-ஐக் கழித்தால் 44. அதைப் போட்டால் நீங்கள் சொன்ன 15 வருகிறது, கணக்கு சரி. பிறகு காலையில் வெறும் வயிற்றில் தொப்புள் மட்டத்தில் அளந்து அனுப்பச் சொன்னேன். 88 என்று வந்தது. 88-இல் 37 போனால் 51, கொழுப்பு கிட்டத்தட்ட 21 சதவீதம். ஆள் அதே ஆள், டேப் ஏழு செ.மீ. மாறியதில் ஐந்தரைப் புள்ளி போய்விட்டது. உங்கள் தொப்பை பொய் சொல்லவில்லை.

உங்கள் உடம்புக்கு, வயிற்றில் ஒரு செ.மீ. பிசகினால் ஏறக்குறைய 0.7 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பிசகினாலும் அதே அளவுதான், ஏனென்றால் இரண்டின் வித்தியாசம்தான் கணக்கில் போகிறது. மூன்று செ.மீ. வயிற்றை எக்கினால் இரண்டு புள்ளி “குறைந்துவிடும்”. மதியம் சாப்பிட்டுவிட்டு அளந்தால் எனக்கே இரண்டு செ.மீ. கூடும்.

அளக்கும் விதம் இதுதான். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சட்டை இல்லாமல் நேராக நில்லுங்கள். டேப் முதுகுப் பக்கம் கீழே இறங்கிவிடும், அதைப் பார்க்கத்தான் கண்ணாடி. மூச்சை இயல்பாக விட்டு, விட்ட முடிவில் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. கழுத்துக்கு குரல்வளை மேட்டுக்குக் கீழே, முன்பக்கம் கொஞ்சம் தாழ்வாக. மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒரு செ.மீ.க்குள் இல்லையென்றால் மறுபடி எடுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் பழைய துணி டேப் வேண்டாம், அது இழுபட்டு நீண்டிருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் 21 என்பது 21 அல்ல. ஃபார்முலாவுக்கே மூன்று, மூன்றரைப் புள்ளி பிழை உண்டு. மூன்று பேரில் இரண்டு பேருக்கு உண்மை அந்த எல்லைக்குள் இருக்கும், மூன்றாமவருக்கு வெளியே. ஆனால் அந்தப் பிழை பெரும்பாலும் உங்களோடு நிலையாக இருக்கும். இந்த மாதம் இரண்டு புள்ளி கூட்டிச் சொன்னால் அடுத்த மாதமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லும். கை மாறுவதால் வரும் பிழைதான் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் ஓடும். அதை மட்டும்தான் நீங்கள் அடக்க முடியும்.

நானும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், மஞ்சக்குப்பத்தில் ஒரு முகாமில் ஒரு காலை முழுக்க பெல்ட் மட்டத்திலேயே டேப் போட்டு எழுதினேன். படிவத்தில் “இடுப்பு” என்று இருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் ஒல்லியாக வந்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம்.

பெண்களுக்கு இடுப்பு, இடை, பிட்டம் என்று மூன்றும் கேட்கிறார்கள். எது எது?
*நெல்லிக்குப்பம் வாசகி*

இதே முறையில் பெண்களுக்கு வயிறு என்றால் இருப்பதிலேயே ஒடுங்கிய இடம், தொப்புள் அல்ல. மற்றது பிட்டம் மிக அகலமாக இருக்கும் இடம், புடவை கட்டும் மட்டம் அல்ல. இரண்டையும் கூட்டிக் கழுத்தைக் கழிக்க வேண்டும். உங்கள் அளவுகள் உயரம் 158, கழுத்து 32, ஒடுங்கிய இடம் 82, பிட்டம் 100 என்று எழுதியிருக்கிறீர்கள், பெண்களுக்கான தனி ஃபார்முலாவில் அதற்கு 35 வருகிறது. பிட்டத்துக்குப் பதிலாகப் புடவை மட்டத்தில் 93 என்று எடுத்திருந்தால் 32 வந்திருக்கும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி டேப் பின்னால் சரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

பிளாஸ்டிக் காலிப்பர் வாங்கினேன். மனைவி எடுத்தால் 14, நண்பர் எடுத்தால் 18. எது உண்மை?
*திருப்பாதிரிப்புலியூர் வாசகர்*

இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

ஆண்களுக்கான மூன்று இட முறையில் தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் இடங்கள் மார்பு, வயிறு, தொடை. மார்பில் அக்குள் மடிப்புக்கும் காம்புக்கும் நடுவே சாய்வாக, வயிற்றில் தொப்புளுக்கு வலப்பக்கம் இரண்டு செ.மீ. தள்ளி நெடுக்காக, தொடையில் முன்பக்க நடுவில் நெடுக்காக. எல்லாம் வலது பக்கம், பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடிப்பைத் தசையிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும். காலிப்பர் விரலிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி. விரலை விடக்கூடாது. இரண்டு நொடியில் படிக்க வேண்டும், தாமதித்தால் கொழுப்பு நசுங்கி எண் இறங்கும். மூன்று இடமும் ஒரு சுற்று முடித்த பிறகே இரண்டாம் சுற்று. இரண்டுக்கும் இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது சுற்று.

முப்பது வயதுக்காரருக்கு மூன்றின் கூட்டு 60 மி.மீ. என்றால் 18 சதவீதம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே மி.மீ. குறைத்துக் கிள்ளினால் 16. உங்கள் மனைவி மெதுவாகக் குறைத்துக் கிள்ளியிருப்பார், நண்பர் பலம் காட்டி மடிப்பைக் கூடுதலாகத் தூக்கியிருப்பார். நல்ல காலிப்பரின் ஸ்பிரிங் எவ்வளவு திறந்தாலும் சதுர மி.மீ.க்குப் பத்து கிராம் அழுத்தத்தை நிலையாகக் கொடுக்கும். பிளாஸ்டிக்கில் பாதி அழுத்தம் உங்கள் கட்டை விரல். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளிலும், வியர்வையோடும் எடுக்காதீர்கள், மடிப்பு வழுக்கும். பழகிய கையில் இதன் பிழையும் டேப் அளவுக்குத்தான், பழகாத கையில் டேப்பைவிட மோசம். அதனால் வீட்டுக்கு நான் டேப்பைத்தான் சொல்வேன்.

பி.எம்.ஐ. 22தான். டேப்பில் மட்டும் 23 சதவீதம் வருகிறது. டேப் தப்புதானே?
*வில்லியனூர் வாசகர்*

அப்படிச் சட்டென்று முடிவு கட்டாதீர்கள். 2004-இல் லான்செட் இதழில் புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே எடுத்துக்காட்டாக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஸ்கேனில் யட்கினுக்குக் கொழுப்பு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பை, அதுவும் வயிற்றில், சேர்த்து வைக்கும். காலிப்பர் தோலுக்கு அடியில் உள்ளதை மட்டுமே பிடிக்கும், குடலைச் சுற்றியிருப்பதை அதனால் தொட முடியாது. டேப் குறைந்தபட்சம் அதையும் சேர்த்துச் சுற்றிவருகிறது. சதவீதத்தை விடுங்கள், தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வயிற்று எல்லையைப் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்கலாம்?
*பாகூர் வாசகர்*

மாதம் ஒன்று. வாரா வாரம் அளந்தால் நேற்றைய சாப்பாட்டைத்தான் அளப்பீர்கள்.

எதுதான் சார் நூறு சதவீதம் சரி?
*கடலூர் முதுநகர் வாசகர்*

எதுவும் இல்லை. எக்ஸ்-ரே வைத்து உடம்பின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனே ஒன்றிரண்டு புள்ளி தள்ளாடும்.

என் இடுப்பு 36. கொழுப்பு எவ்வளவு?
*ஊர் எழுதவில்லை*

ஆணா, பெண்ணா? உயரம்? கழுத்து? அப்புறம், அந்த 36-ஐ டேப்பில் பார்த்தீர்களா, பேண்ட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் துண்டில் பார்த்தீர்களா?