ஜூன் 30-இல் ஆய்வேடு: முதலில் குறிக்க வேண்டியவை நெறியாளரின் நாள்கள்

கேள்வி: கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். ஜனவரி முதல் ஆறு மாதம் கையில் இருக்கிறது. வினாநிரல் வழித் தரவு திரட்டி முடித்துவிட்டேன். ஐந்து இயல்களில் முன்னாய்வுகள், ஆய்வு முறையியல் இரண்டும் கரட்டு வடிவில் உள்ளன. எங்கள் நெறியாளர் அம்மா ஓர் இயலைத் திருத்தித் தர மூன்று வாரம் ஆகிறது. எப்படி அட்டவணை போடுவது?

பதில்: உங்கள் அட்டவணையைத் தீர்மானிப்பது நெறியாளரின் மேசையில் ஓர் இயல் காத்திருக்கும் நாள்கள்தான். நீங்கள் எவ்வளவு விரைவாக எழுதினாலும் அந்த மூன்று வாரம் சுருங்காது. ஆகவே அவர் வாசிக்கும் நாள்களை நாள்காட்டியில் முதலில் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் உங்கள் எழுத்து வேலையைப் பொருத்துங்கள்.

ஜூன் 30-ஐப் பல்கலைக்கழகத்தின் நாளாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஜூன் 19-ஐக் கெடுவாகக் கொள்ளுங்கள். சான்றுப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டியவர் வெளியூரில் இருப்பது, கட்டண ரசீதோ நிலுவையின்மைச் சான்றோ ஒரு நாள் தாமதமாவது, பைண்டிங்கில் பக்கம் மாறிப்போவது ஆகிய மூன்றையும் அந்தப் பதினொரு நாள் தாங்கும். அதற்கு முன், ஜூன் 8 முதல் 19 வரை, பக்க அமைப்பு, மெய்ப்பு, ஒப்புமைச் சோதனை ஆகியவற்றுக்கு உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையின் பகுதிகள் இயலில் அப்படியே இருந்தால் அவை ஒப்புமையாகக் காட்டப்படும். அதற்கு எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்பதை நூலகத்தில் ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள்.

இதற்கு முந்தைய இரண்டு வாரம், மே 25 முதல் ஜூன் 8 வரை, முழு ஆய்வேட்டில் திருத்தம் செய்வதற்கு. சமர்ப்பிப்புக்கு முன் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னிலையில் வழங்க வேண்டிய விளக்கவுரையும் இந்த இடைவெளியின் தொடக்கத்திலேயே அமைய வேண்டும். அப்போதுதான் குழு சொல்வதையும் நெறியாளர் சொன்னதையும் ஒரே மூச்சில் திருத்த முடியும். குழு உறுப்பினர் அனைவரும் ஒரு நாளில் கூடுவது எளிதன்று என்பதால் அந்தத் தேதியை ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முழு ஆய்வேட்டை நெறியாளர் ஒரே வாசிப்பாகப் படிப்பதற்கு மூன்று வாரம் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வருவதால் நான்கு வாரம் ஒதுக்குங்கள். அப்படியானால் முழு வரைவு அவர் கைக்குச் சேர வேண்டிய நாள் ஏப்ரல் 27. ஆறு மாதம் என்று நீங்கள் எண்ணியிருந்தது உண்மையில் பதினாறரை வாரம்தான்.

இனி அந்தப் பதினாறரை வாரத்தைப் பாருங்கள். கடைசி இரண்டு வாரம், ஏப்ரல் 13 முதல் 27 வரை, எல்லா இயல்களையும் ஒன்றாகக் கோப்பதற்கு வேண்டும். ஐந்து இயல்களையும் ஒவ்வொன்றாக, இயலுக்கு மூன்று வாரம் வீதம் நெறியாளர் படிக்க வேண்டுமானால், முதல் இயலை டிசம்பர் 29-ஆம் தேதியே அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். எனவே எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்ட இயலாது. முன்னுரையும் முடிவுரையும் முழு வரைவோடு சேர்த்துப் படிக்கப்பட்டால் போதும் என்று அம்மாவிடம் இப்போதே பேசி ஒப்புதல் பெறுங்கள். முன்னுரையை முதலில் எழுதிக் காட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பகுப்பாய்வு முடிந்ததும் அதை எப்படியும் மாற்றி எழுத வேண்டியிருக்கும் என்பதால், அந்த மூன்று வார வாசிப்பு வீணாகிறது என்பதே என் கருத்து.

மீதமுள்ளது மூன்று இயல்கள். அவற்றில் பகுப்பாய்வு இயலை இரண்டாகப் பிரியுங்கள்: அட்டவணைகளும் விழுக்காடுகளும் அடங்கிய விளக்கப் பகுதி ஒன்று, கருதுகோள் சோதனைகள் மற்றொன்று. ஆக, நான்கு ஒப்படைப்புகள். ஏப்ரல் 13-இலிருந்து மும்மூன்று வாரமாகப் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 23, மார்ச் 2, பிப்ரவரி 9, ஜனவரி 19 என்று நாள்கள் கிடைக்கின்றன. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஜனவரி 19 அன்று, ஆய்வு முறையியல் இயலைக் கொடுங்கள். கரட்டு வடிவில் இருப்பதைச் செம்மையாக்கப் பதினெட்டு நாள் போதும். பகுப்பாய்வு முழுவதும் இந்த இயலைச் சார்ந்தது என்பதால் பிழை இருந்தால் முதலிலேயே தெரிய வேண்டும். பிப்ரவரி 9 அன்று முன்னாய்வுகள் இயல், மார்ச் 2 அன்று பகுப்பாய்வின் முதல் பகுதி, மார்ச் 23 அன்று இரண்டாம் பகுதி. அதை அவர் படிக்கும் மூன்று வாரத்தில் நீங்கள் முன்னுரையையும் முடிவுரையையும் எழுதுவீர்கள். ஒவ்வோர் இயலும் திரும்பி வந்ததும் ஐந்து நாளுக்குள் திருத்தி மூடிவிட்டு, எஞ்சிய நாளை அடுத்த இயலுக்குக் கொடுங்கள். கரட்டு இயல்கள் இரண்டும் அதிக நேரம் கேட்காதவை என்பதால் ஜனவரி 20 முதலே பகுப்பாய்வு அட்டவணைகளைத் தயாரிக்கத் தொடங்கிவிடலாம்.

மார்ச் 23 ஒப்படைப்போடு இன்னும் ஒரு பக்கம் சேர வேண்டும். முடிவுரையில் சொல்லப்போகும் கண்டுபிடிப்புகளையும், ஒவ்வொன்றும் எந்தக் கருதுகோளுக்கு விடை என்பதையும் அதில் எழுதுங்கள். முழு வரைவைப் படிக்கும்போது மே மாதத்தில் நெறியாளர் ‘இந்தக் கருதுகோளையே மாற்ற வேண்டும்’ என்று சொன்னால் இரண்டு வாரத் திருத்தத்தில் அதைச் சரிசெய்ய இயலாது. அந்த மறுப்பு வரவேண்டியிருந்தால் ஏப்ரல் 13-க்குள் வரட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். அதுபோல ஒவ்வோர் இயலின் மேலும், நீங்கள் ஐயம் கொண்டுள்ள இரண்டு மூன்று இடங்களைக் குறிப்பிட்டு ஒரு தாள் வையுங்கள். இல்லாவிட்டால் ஒற்றுப்பிழைகளுக்கே சிவப்பு மை செலவாகி, கட்டமைப்பைப் பற்றிய கருத்து வராமலே இயல் திரும்பிவிடலாம்.

நெறியாளரின் வாசிப்பு தாமதமானால் அடுத்த ஒப்படைப்பை நிறுத்தி வைக்காதீர்கள். குறித்த நாளில் அடுத்த இயலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். முந்தையது மேசையில் இருப்பதை அதுவே நினைவூட்டும். கொடுத்த நாள், திரும்பிய நாள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மார்ச் 2 அன்று அந்தத் தாளைப் பாருங்கள். முதல் இரண்டு இயல்களும் மும்மூன்று வாரத்தில் வந்திருந்தால் அட்டவணை நிற்கும். நான்கு வாரம் ஆகியிருந்தால், பகுப்பாய்வின் இரண்டாம் பகுதியையும் முழு வரைவோடு சேர்த்துக் காட்டுவதாக அன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் மேற்சொன்ன ஒரு பக்கத்தை மட்டும் மார்ச் 23 அன்றே கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டுக்குச் சில மாதம் முன்பே ஆய்வுச் சுருக்கத்தைத் தனியாகத் தர வேண்டும் என்று விதிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிநூலில் அந்த இடைவெளி மூன்று மாதம் என்றிருந்தால், சுருக்கம் மார்ச் 30-க்குள் போக வேண்டும். கண்டுபிடிப்புகள் அதற்குள் உறுதியாக வேண்டும். அப்போது பகுப்பாய்வின் இரண்டு பகுதிகளையும் பிப்ரவரி 9, மார்ச் 2 ஆகிய நாள்களுக்கு முன்னே நகர்த்தி, முன்னாய்வுகள் இயலை மார்ச் 23-க்குத் தள்ளுங்கள். பிப்ரவரி 9-க்குள் விளக்க அட்டவணைகள் முடிய வேண்டியிருப்பதால், ஜனவரியின் பிற்பாதியில் வேறு வேலை எதையும் ஏற்காமல் இருப்பது அவசியமாகும்.