கணக்கை மூடினால் தம்பியின் கடன் நின்றுவிடுமா?

கேள்வி: வணக்கம். அதிக வட்டி கிடைக்கிறது என்று என் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுகிறேன். பழைய கணக்கில் 18,000 வெள்ளி இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், நகர மன்றக் கட்டணம், வருமான வரி, காப்புறுதி எல்லாமே ஜைரோவில் அதிலிருந்துதான் தானாக வெட்டப்படுகின்றன. தம்பியின் மோட்டார்சைக்கிள் கடனுக்கும் 14 மாதமாக மாதம் 285 வெள்ளி போகிறது. "அடுத்த மாதம் தந்துடறேன்க்கா" என்பான், இதுவரை தந்ததில்லை. கணக்கை மூடினால் அதுவும் தானாக நின்றுவிடும், அவனிடம் நான் வாய் திறக்கவே வேண்டாம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதமே மூடிவிடலாமா? — உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: மூடாதீர்கள். அடுத்த மாதம் வேண்டாம், குறைந்தது மூன்று மாதம் போகட்டும். அதற்குள் தம்பியிடம் பேசிவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 18,000 வெள்ளிக்குப் பழைய கணக்கு 0.05 விழுக்காடு தருகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 9 வெள்ளி. புதிய கணக்கில் 1.8 விழுக்காடு கிடைத்தால் 324 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 26 வெள்ளி கூடுதல். அதுவும் சம்பளம் வர வேண்டும், அட்டையில் இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்பதையெல்லாம் ஒவ்வொரு மாதமும் நிறைவேற்றினால்தான். ஒரு நிபந்தனை தவறினாலே அந்த மாத வட்டி குறைந்துவிடும். நிபந்தனைகளை மாற்றும் உரிமையும் வங்கியிடமே இருக்கிறது. இந்த 'போனஸ் வட்டி' விளம்பரங்களை நம்பி ஆண்டுக்கு ஒரு வங்கி மாறுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறுமை போய்விடுகிறது. உங்கள் தம்பிக்குப் போகும் ஒரே ஒரு மாதத் தவணை, இந்த வட்டியில் 11 மாத லாபத்துக்குச் சமம். இதுவரை போனது 14 × 285, அதாவது 3,990 வெள்ளி. மூன்று வருடக் கடன் என்றால் இன்னும் 22 மாதம் பாக்கி, அது 6,270 வெள்ளி. நீங்கள் எழுதியிருக்க வேண்டிய கேள்வி வட்டியைப் பற்றியது அல்ல.

கணக்கை மூடினால் என்ன நடக்கும்? கடன் கொடுத்த நிறுவனம் வழக்கமான தேதியில் வெட்டக் கேட்கும், உங்கள் வங்கி "கணக்கு மூடப்பட்டது" என்று திருப்பி அனுப்பும். அக்கா நிறுத்திவிட்டாள் என்று அது அவர்களுக்குப் புரியப்போவதில்லை. தவணை கட்டவில்லை என்றுதான் பதிவாகும். தாமதக் கட்டணம் ஏறும், தம்பிக்கு நினைவூட்டல் கடிதம் போகும், கடன் பதிவில் அவர் பெயரும் கெடலாம். நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயத்தை வேறு யாரோ போனில் அவரிடம் சொல்வார்கள். அப்போது வரும் சண்டையோடு ஒப்பிட்டால், இப்போது பேசுவதில் வரும் சங்கடம் ரொம்பச் சிறியது.

அதற்கு முன் ஒரு காகிதத்தைத் தேடி எடுங்கள். ஜைரோ படிவத்தில் கணக்கு வைத்திருப்பவர் ஒருவராகவும் கட்டணத்துக்குப் பொறுப்பானவர் வேறொருவராகவும் இருக்கலாம். நீங்கள் கையெழுத்திட்டது அந்தப் படிவத்தில் மட்டுமா, கடன் ஒப்பந்தத்திலும் உண்டா என்று பாருங்கள். படிவத்தில் மட்டும் என்றால் கடன் தம்பியுடையது, நீங்கள் விலகிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இணைக் கடனாளி என்றோ உத்தரவாதம் அளிப்பவர் என்றோ உங்கள் கையெழுத்து இருந்தால், எத்தனை கணக்கை மூடினாலும் அவர்கள் உங்களிடம் வருவார்கள். அப்படியானால் தம்பி தன் கணக்கிலிருந்து கட்டுகிறார் என்பதை நீங்கள் மாதாமாதம் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அவரிடம் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. "சம்பளக் கணக்கை மாத்தறேன்டா. இந்தத் தேதியிலிருந்து உன் தவணை உன் கணக்கிலிருந்து போகணும். அதுக்குள்ள ஜைரோவுக்கு எழுதிக் கொடுத்துடு." இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். பழைய 3,990 வெள்ளியை அன்றே கேட்காதீர்கள், இரண்டையும் சேர்த்துப் பேசினால் இரண்டுமே நடக்காது. அவருடைய ஜைரோ தயாராகிவிட்டது என்று தெரிந்த பிறகு, உங்கள் வங்கியின் இணையச் சேவைக்குள் போய் அந்த ஒரு ஜைரோவை மட்டும் ரத்து செய்யுங்கள். வெட்டும் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னால் செய்வது நல்லது. ஒரு ஜைரோவை நிறுத்த முழுக் கணக்கையும் மூட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இப்போது உங்களுடைய கட்டணங்களுக்கு வருவோம். வங்கி அறிக்கைகளை எடுத்து உட்காருங்கள், மூன்று மாதம் அல்ல, 13 மாத அறிக்கைகள். மாதாமாதம் போவது உங்களுக்கே தெரியும். மறந்துபோவதெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை போவதுதான்: ஆண்டுச் சந்தா கட்டும் காப்புறுதி, சொத்து வரி, கைப்பேசிச் செயலி ஒன்றின் ஆண்டுக் கட்டணம்.

ஜைரோக்களின் பட்டியலை வங்கியே இணையச் சேவையில் காட்டும். ஆனால் உங்கள் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்து வைத்திருப்பவை அந்தப் பட்டியலில் வராது. தொலைபேசி, இணையப் படம் பார்க்கும் சந்தா, உடற்பயிற்சி நிலையம் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கணக்கோடு அந்த அட்டையும் செத்துவிடும். அவற்றை அறிக்கையைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும், ஒவ்வோர் இடமாகப் போய்ப் புது அட்டை எண்ணைப் போட வேண்டும். அம்மாவுக்கு மாதா மாதம் தானாகப் பணம் போக நீங்களே வங்கியில் ஏற்பாடு செய்திருந்தால், அது இன்னொரு பட்டியலில் இருக்கும். அதையும் பாருங்கள்.

ஜைரோக்களைப் புதிய கணக்குக்கு மாற்ற வங்கியிடம் போகாதீர்கள், கட்டணம் வாங்குபவரிடமிருந்து தொடங்குங்கள். 2021 நவம்பரில் வந்த இ-ஜைரோவை ஏற்கும் நிறுவனம் என்றால், அவர்களுடைய இணையப் பக்கத்தில் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்து, வங்கிச் சேவைக்குள் நுழைந்து ஒப்புதல் கொடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காகிதப் படிவம்தான் என்றால் சில வாரங்கள் ஆகும். ஆபத்து இருப்பது அந்த இடைவெளியில்தான்: பழையது நின்று, புதியது இன்னும் தொடங்காத மாதம்.

அதனால் பழைய கணக்கில் பணம் இருக்க வேண்டும். உங்கள் கட்டணங்களைத் தோராயமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: மின்சாரம் தண்ணீர் 140, நகர மன்றம் 70, வரித் தவணை 110, காப்புறுதி 260, அட்டையில் போகும் தொலைபேசி 35. மொத்தம் 615 வெள்ளி, இரண்டு மாதத்துக்கு 1,230. தம்பியின் இரண்டு தவணை 570. ஆக 1,800. 2,000 வெள்ளியைப் பழைய கணக்கில் விட்டுவிட்டு 16,000 வெள்ளியை மாற்றுங்கள். அந்த 2,000 வெள்ளிக்கு மூன்று மாதத்தில் நீங்கள் இழக்கும் வட்டி 9 வெள்ளிகூட வராது.

ஜைரோ 'அனுமதிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்ததும் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். புதிய கணக்கிலிருந்து ஒரு தடவை பணம் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டியலில் அந்த வரியை அடியுங்கள். இன்னொன்று, ஜைரோவுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி உண்டு. மின்சாரத்துக்கு 150 வெள்ளி என்று வைத்துவிட்டு, வெயில் மாதத்தில் குளிர்சாதனம் ஓடி 172 வெள்ளி பில் வந்தால், கணக்கில் ஆயிரக்கணக்கில் பணம் இருந்தாலும் வெட்டு திரும்பிவிடும். பழைய ஜைரோவில் அப்படி வரம்பு வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். புதியதில் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

தவறினால் எதில் அதிகம் வலிக்கும்? நகர மன்றக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் உடனே கட்டிச் சரிசெய்துவிடலாம். வரியில் அப்படி இல்லை. உள்நாட்டு வருவாய் ஆணையம் வட்டியில்லாமல் 12 தவணை தருவதே ஜைரோவை நம்பித்தான், வெட்டுவது மாதத்தின் 6ஆம் தேதி. தவணைகள் தொடர்ந்து திரும்பினால் அந்தத் திட்டத்தையே ரத்து செய்து மீதி வரி முழுவதையும் கேட்பார்கள். அதையும் நேரத்துக்குக் கட்டவில்லை என்றால் 5 விழுக்காடு அபராதம்.

எனக்கு உண்மையாகவே பயம் காப்புறுதியில்தான். இப்படி வங்கி மாறிய ஒருவர் சென்ற வருடம் என்னிடம் வந்தார். மருத்துவக் காப்புறுதியின் கூடுதல் திட்டத்துக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டிய சந்தா திரும்பியிருக்கிறது. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது, சலுகைக் காலமும் முடிந்துவிட்டது. மறுபடி சேர உடல்நிலை விவரங்களைக் கேட்டார்கள். அதற்குள் அவருக்கு நீரிழிவு வந்திருந்தது. கூடுதல் திட்டம் திரும்பக் கிடைக்கவில்லை.

சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்புறுதியில் நடப்பது வேறு. சந்தா வரவில்லை என்றால் அந்தப் பாலிசியில் சேர்ந்திருக்கும் ரொக்க மதிப்பிலிருந்து நிறுவனமே உங்களுக்குக் கடன் கொடுத்து, அதைச் சந்தாவாக எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. பாதுகாப்பு தொடரும், ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டு அறிக்கையைப் பிரித்துப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் காப்புறுதியை முதலில் மாற்றுங்கள். மாற்றிய பிறகு உங்கள் முகவரைக் கூப்பிட்டு, சந்தா வந்து சேர்ந்ததா, பாலிசி மேல் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள்.

அப்புறம், கைப்பேசி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ வைத்துப் பணம் வாங்கும் பேநவ். உங்கள் அடையாள அட்டை எண் ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடுதான் இணைந்திருக்கும். அரசாங்கம் தரும் ரொக்கம் பெரும்பாலும் அந்த இணைப்பைப் பார்த்துத்தான் வருகிறது. மூடுவதற்கு முன் அதைப் புதிய வங்கிக்கு மாற்றிவிடுங்கள், கைப்பேசி எண்ணையும் சேர்த்து.

இத்தனையும் முடிந்து, பழைய கணக்கிலிருந்து ஒரு முழு மாதம் எதுவும் போகவில்லை என்று அறிக்கையில் பார்த்த பிறகு மூடுங்கள். அதற்கு முதல் நாள் பழைய அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு இணையச் சேவையில் அவை கிடைக்காமல் போகலாம். தம்பியின் தவணை போன 14 வரிகளும் அவற்றில்தான் இருக்கின்றன. அந்தப் பணத்தைக் கேட்கும் நாளில் அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.